காலைக்கூட்டத்தில் வாசிப்பைப் பற்றி அரபில் ஒன்றரை நிமிடப் பேச்சு

கேள்வி: மகள் தரம் 7, முசலிப் பக்கத்துப் பாடசாலை. வாசிப்பு மாதத்துக்குக் காலைக்கூட்டத்தில் அரபில் ஒன்றரை நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குர்ஆன் ஓதுவாள், ஆனால் அரபு பேசத் தெரியாது. லேசான அரபில் ஒரு பேச்சும், அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றும் எழுதித் தருவீர்களா? எனக்கு அரபெழுத்து வராது, தமிழெழுத்தில் வேணும்.

பதில்:

முதலில் பேச்சைத் தருகிறேன். ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சில் முடியும்படி எழுதியிருக்கிறேன். முற்றுப்புள்ளி வரும் இடமெல்லாம் முழுதாக நின்றுவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.
அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹ்.

அய்யுஹல் முதீருல் முஹ்தரம். (மதிப்புக்குரிய அதிபர் அவர்களே.)
அய்யுஹல் முஅல்லிமூன வல் முஅல்லிமாத். (ஆசிரியர்களே, ஆசிரியைகளே.)
அய்யுஹத் துல்லாபு வத் தாலிபாத். (மாணவர்களே, மாணவிகளே.)

அதகல்லமுல் யவ்ம அனில் கிராஅஹ். (இன்று வாசிப்பைப் பற்றிப் பேசுகிறேன்.)
அல் கிராஅது மிஃப்தாஹுல் இல்ம். (வாசிப்பு அறிவின் திறவுகோல்.)
அவ்வலு கலிமதின் நஸலத் மினல் குர்ஆன்: இக்ரஃ. (குர்ஆனில் முதலில் இறங்கிய சொல்: ஓதுவீராக.)

ஃபீ மத்ரஸதினா மக்தபஹ். (எங்கள் பாடசாலையில் ஒரு நூலகம் இருக்கிறது.)
ஃபில் மக்தபதி குதுபுன் கதீரஹ். (நூலகத்தில் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன.)
ஹாதா கிதாபுன் ஸகீர். (இது ஒரு சின்னப் புத்தகம்.)
அக்ரஉ மின்ஹு குல்ல யவ்மின் கம்ஸ ஸஃபஹாத். (இதில் நான் ஒவ்வொரு நாளும் ஐந்து பக்கம் வாசிக்கிறேன்.)

பில் கிராஅதி அஃரிஃபு கலிமாதின் ஜதீதஹ். (வாசிப்பால் புதிய சொற்களை அறிகிறேன்.)
வபில் கிராஅதி அஃரிஃபு பிலாதன் பஈதஹ். (வாசிப்பால் தூர நாடுகளை அறிகிறேன்.)

யா இக்வதீ வயா அகவாதீ. (சகோதரர்களே, சகோதரிகளே.)
இக்ரஊ குல்ல யவ்ம். (ஒவ்வொரு நாளும் வாசியுங்கள்.)
கம்ஸ ஸஃபஹாதின் ஃபகத். (ஐந்தே ஐந்து பக்கம்.)
ஷுக்ரன் லகும். (உங்களுக்கு நன்றி.)
வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹ்.

மொத்தம் எழுபது சொல்லை ஒட்டி வரும். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதை இன்னும் நீட்ட வேண்டாம். மேடை அரபு என்றதும் சிலர் ஜும்ஆ குத்பாவின் நீண்ட ஹம்தை முன்னால் ஒட்டி, 'அம்மா பஅத்' போட்டு, எதுகை வைத்த வசனங்களை அடுக்கிக் கொடுப்பார்கள். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சில் பாதி அதிலேயே போய்விடும். தரம் 7 பிள்ளைக்கு அது அர்த்தம் தெரியாத மனனமாகவே இருக்கும்; ஒரு சொல் தவறினால் பிறகு திரும்பிப் பிடிக்க வழியில்லை.

இந்தப் பேச்சின் சூட்சுமம் வரி முடிவில் இருக்கிறது. எழுத்து அரபில் சொல்லின் கடைசி ஒலி அது வசனத்தில் வகிக்கும் வேலைக்கு ஏற்ப உ, அ, இ என்று மாறும். பேசுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். ஆனால் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அந்தக் கடைசி உயிர் விழுந்துவிடும், பிழைவிடவும் இடம் இருக்காது. உங்கள் மகள் ஓதுகிற பிள்ளை என்பதால் இது அவளுக்குப் புதிதல்ல. ஆயத்து முடிவில் 'ஆலமீன' என்று சொல்லாமல் 'ஆலமீன்' என்று நிற்கிறாளே, அதே வக்ஃப் சட்டம்தான். அதனால்தான் வசனங்களைக் குட்டையாக வைத்து, எழுவாயும் பயனிலையுமாக உடனே முடித்திருக்கிறேன். வரியின் நடுவில் வரும் உயிர்களை நான் எழுதியபடியே சொல்ல வேண்டும்; கடைசியில் வருவது தானாக விழும்.

வக்ஃபில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கிராஅஹ், மக்தபஹ், கதீரஹ், ஜதீதஹ், பஈதஹ் எல்லாம் தா மர்பூத்தாவில் முடியும் சொற்கள். நடுவில் வந்தால் 'கிராஅது', 'மக்தபதி' என்று த ஒலிக்கும். நின்றால் அந்தத் த போய், லேசான மூச்சாக ஹ் மட்டும் மிஞ்சும். அதை அழுத்தி 'ஹு' ஆக்கவும் வேண்டாம், 'மக்தபா' என்று நீட்டவும் வேண்டாம். முன்னால் வரும் அ குறில்தான். மற்றது 'கலிமாதின் ஜதீதஹ்' என்ற வரி. அரைகுறை இலக்கணம் தெரிந்த யாராவது, இது செயப்படுபொருள்தானே, 'கலிமாதன்' என்று வரவேண்டும் என்று திருத்தக்கூடும். திருத்த விடாதீர்கள். 'ஆத்' சேர்ந்து பன்மையாகும் பெண்பால் சொற்கள் அந்த இடத்தில் 'இன்' என்றுதான் வரும். பக்கத்து வரியில் 'பிலாதன்' என்று 'அன்' வருவது, அது அந்த வகைப் பன்மை அல்ல என்பதால். இரண்டும் அடுத்தடுத்து வருவதால் பிள்ளை ஒன்றைப் பார்த்து மற்றதை மாற்றிவிடுவாள். ஆகவே இந்த இரண்டு வரிகளையும் தனித்தனி நாளில் பழக்குங்கள்.

அடுத்தது உச்சரிப்பு. தமிழெழுத்தில் எழுதித் தருவதில் உள்ள ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழில் ஒரே எழுத்து இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். அரபில் அப்படி மாறாது. 'கிதாப்' என்று எழுதியதை நாம் வாசிக்கும்போது நடுவில் உள்ள த, 'பதம்' என்பதில் வருவது போல மெலிந்துவிடும். அங்கே வர வேண்டியது 'தலை' என்பதில் வரும் வல்லொலி. கிதாப், குதுப், அதகல்லமு, கலிமாத், முஹ்தரம், இக்வதீ, அகவாதீ, ஸஃபஹாத் எல்லாவற்றிலும் த வன்மையாக வர வேண்டும், ஆனால் 'த்த' என்று இரட்டிக்கவும் கூடாது. முதீர், மத்ரஸதினாவின் முதல் 'த்', ஜதீதஹ், பிலாதன், பஈதஹ் ஆகியவற்றில் மெல்லிய த. 'அதகல்லமு'வில் இன்னொரு வழுக்கலும் உண்டு. நம் நாக்குக்கு நடுவில் வரும் க, ஹ போல ஆகிவிடும். 'அதஹல்லமு' என்று வந்தால் திருத்துங்கள். ப விஷயம் லேசு. அரபில் வல்லின ப-வே இல்லை, எனவே இந்தப் பேச்சில் வரும் ப எல்லாமே 'அன்பு' என்பதில் வரும் ப தான்.

தமிழெழுத்தில் காட்டவே முடியாத ஒலிகளுக்கு அவள் மத்ரஸாவில் படித்த மக்ரஜ் கைகொடுக்கும். எந்த எழுத்து என்று பெயரைச் சொன்னாலே போதும், வாய் தானாகப் போகும். கிராஅஹ், குர்ஆன், இக்ரஃ, அக்ரஉ, ஃபகத் இவற்றில் வருவது தொண்டையடி காஃப். பேச்சின் கருப்பொருளே 'கிராஅஹ்' என்பதால், அது சாதாரண க-வாகப் போனால் பேச்சு முழுக்கப் பிழையாகக் கேட்கும். மிஃப்தாஹ், ஸஃபஹாத், முஹ்தரம் மூன்றிலும் அழுத்தமான ஹா. மின்ஹு, ஹாதா இரண்டிலும் லேசான ஹா. ஸகீர், ஸஃபஹாத் இரண்டின் ஸ-வும் ஸாத். ஸகீரின் க கைன். கம்ஸ, இக்வதீ, அகவாதீ மூன்றிலும் கா. இல்ம், அன், அஃரிஃபு, பஈதஹ், முஅல்லிம் ஆகியவற்றில் ஐன். துல்லாப், தாலிபாத், ஃபகத் மூன்றிலும் கனத்த தா. கதீரஹ் என்பதில் நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வரும் தா, 'தவாப்' என்பதில் வருவது. 'ஹாதா'வில் வருவது 'முதீர்' என்பதன் தால் அல்ல, நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வரும் தால். 'நஸலத்' என்பதன் ஸ, ஸாய்.

இந்தப் பட்டியலைப் பிள்ளையிடம் காட்டத் தேவையில்லை. அரபு ஆசிரியரிடமோ மௌலவியிடமோ இந்தப் பேச்சைக் கொடுத்து, ஹரக்கத்தோடு அரபெழுத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். மகள் அதைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தமிழெழுத்துத் தாள் உங்களுக்கு. அவள் எங்கே நிற்கிறாள் என்று பின்தொடர. வரிமுடிவு எழுத்துகளின் மேல் பென்சிலால் ஸுகூன் போட்டுவிட்டால் கண்ணே நிற்கச் சொல்லும்.

ஓதப் பழகிய பிள்ளையிடம் வேறொரு கோளாறு வரும். அதை யாரும் கோளாறாக எடுப்பதில்லை. பேச்சையும் கிராஅத்து ராகத்தில் இழுத்துவிடுவார்கள். 'குதுபுன் கதீரஹ்' என்பதில் ன்-ஐ மறைத்து மூக்கால் இழுப்பது, 'கிராஅஹ்' என்பதில் ரா-வை நாலு மாத்திரைக்கு நீட்டுவது, 'கலிமதின் நஸலத்' என்பதில் குன்னாவைப் பிடிப்பது எல்லாம் ஓதலுக்கு உரியவை. பேச்சில் ன் வெறும் ன் தான்; நெடில் இரண்டு மாத்திரைக்கு மேல் போகாது. மக்ரஜை வைத்துக்கொள்ளுங்கள், மத்தையும் குன்னாவையும் விட்டுவிடுங்கள். விதிவிலக்கு 'இக்ரஃ'. அது குர்ஆனின் சொல்; அங்கே காஃபைக் கல்கலாவோடு தட்டிச் சொன்னால் நன்றாகவே இருக்கும். ஸூரா அலக்கின் அந்தச் சொல்லுக்கு முன் ஒரு மூச்சு நிறுத்தி, தனியாகச் சொல்லட்டும்.

வீட்டுப் பேச்சும் இடையில் புகும். நம்மவர்கள் 'கிதாபு', 'இல்மு' என்று தமிழாக்கியே பேசுவோம். மேடையில் 'மிஃப்தாஹுல் இல்மு' என்று வந்தால் அரபு தெரிந்த காதுக்கு உடனே படும். 'இல்ம்', 'யவ்ம்' இரண்டும் இரண்டு மெய்யில் முடிவதால் நமக்குக் கஷ்டம். உதட்டை மூடி ம்-இல் அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். திறந்தால் உ வந்துவிடும்.

சில சொற்களைப் பாடசாலைக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கலாம். அதிபர் பெண் என்றால் 'அய்யதுஹல் முதீரதுல் முஹ்தரமஹ்'. பேசுவது பெண்பிள்ளை என்பதற்காக எதையும் மாற்ற வேண்டாம். அக்ரஉ, அஃரிஃபு, அதகல்லமு எல்லாம் தன்மை வினைகள், அவை இருபாலுக்கும் ஒன்றுதான். கேட்பவர்கள் கலந்திருந்தால் 'இக்ரஊ' சரி. பெண்கள் பாடசாலை என்றால் 'அய்யதுஹத் தாலிபாத்', 'யா அகவாதீ', 'இக்ரஊ' இருந்த வரியில் 'இக்ரஃன குல்ல யவ்ம்' என்று மூன்று இடத்தில் மாறும். வவுனியா, மன்னார் பக்கம் சில பாடசாலைகளில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒன்றாக நிற்பார்கள். அங்கே ஸலாத்துக்குப் பிறகு 'ஸபாஹல் கைர்' (காலை வணக்கம்) என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எல்லோருக்கும் சொன்னதாகும்.

நூலக வரியை உண்மைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். தனி நூலக அறை இல்லாமல் வகுப்பில் ஒரு புத்தக அலுமாரிதான் இருக்கிறது என்றால், அந்த இரண்டு வரிகளுக்கும் பதிலாக 'ஃபீ ஸஃப்பினா குதுபுன் கதீரஹ்' (எங்கள் வகுப்பில் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன) என்ற ஒரே வரி போதும். 'கதீரஹ்' என்ற பெண்பால் ஒருமையைப் பார்த்துத் தவறென்று நினைக்க வேண்டாம். மனிதர் அல்லாதவற்றின் பன்மைக்கு அரபில் அடைமொழி அப்படித்தான் வரும். 'கதீரூன்' என்று திருத்தினால்தான் பிழை.

'ஹாதா கிதாபுன் ஸகீர்' என்று சொல்லும்போது கையில் உண்மையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். அரபு புரியாத பிள்ளைகளுக்கும் அந்த வரி கண்ணாலேயே விளங்கும். புத்தகத்துக்குப் பதில் சஞ்சிகையைத் தூக்கினால் சொல் பெண்பாலாகிவிடும்: 'ஹாதிஹி மஜல்லதுன் ஸகீரஹ்'. அப்போது அடுத்த வரியிலும் 'மின்ஹு' போய் 'மின்ஹா' வரும். கதைப் புத்தகம் என்றாலும் வெறும் 'கிதாப்' என்றே வைத்துக்கொள்ளுங்கள், தொல்லை இல்லை.

பக்க எண்ணிக்கையையும் கண்டபடி மாற்ற வேண்டாம். மூன்றிலிருந்து பத்து வரை அரபு எண், எண்ணப்படும் பொருளின் பாலுக்கு எதிராக வரும். 'ஸஃப்ஹஹ்' (பக்கம்) பெண்பால் என்பதால் 'கம்ஸ' என்று த இல்லாமல் வருகிறது. புத்தகம் ஆண்பால், ஐந்து புத்தகம் என்றால் 'கம்ஸத குதுப்'. பத்துக்கு மேலே போனால் பின்னால் வரும் சொல்லே ஒருமையாகிவிடும். பத்துப் பக்கம் வேண்டுமென்றால் 'அஷ்ர ஸஃபஹாத்', அதோடு நிறுத்துங்கள்.

பழக்கும்போது முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். அப்படிப் பழக்கினால் தொடக்கம் மட்டும் பளபளவென்று இருக்கும், முடிவு எப்போதும் தடுமாறும். பின்னாலிருந்து வாருங்கள். முதல் நாள் 'யா இக்வதீ'யிலிருந்து முடிவு வரை. அடுத்த நாள் 'வபில் கிராஅதி' வரியை முன்னால் சேர்த்து அங்கிருந்து முடிவு வரை, அதற்கடுத்த நாள் 'பில் கிராஅதி' வரியையும் சேர்த்து. பிறகு புத்தக வரிகள், அதன் பின் நூலக வரிகள், அதற்கும் பின் 'அதகல்லமு'விலிருந்து 'இக்ரஃ' வரையான மூன்று வரிகள். இப்படிப் போனால் ஒவ்வொரு முறையும் தெரியாததிலிருந்து தெரிந்ததை நோக்கியே போவாள். ஸலாமும் விளிகளும் கடைசி நாளுக்கு. அவை நாக்குக்கு ஏற்கெனவே பழகியவை. விளியில் மட்டும் ஒரு கண் வையுங்கள்: 'அய்யுஹத் துல்லாப்' என்பதில் லாம் விழுந்து த-வோடு சேரும், 'அய்யுஹல் துல்லாப்' என்று வரக்கூடாது. 'முதீர்', 'முஅல்லிமூன' முன்னால் லாம் நிற்கும். அம்மா ஜுஸ்உவில் 'அஷ்ஷம்ஸ்', 'அல்கமர்' என்று ஓதியவள்தான், நினைவூட்டினால் போதும்.

'யா இக்வதீ வயா அகவாதீ' சொல்லி முழுதாக நின்றுவிட்டுத்தான் 'இக்ரஊ' தொடங்க வேண்டும். நிற்காமல் சேர்த்தால் இக்ரஊவின் இ விழுந்துவிட வேண்டும், அது பிள்ளைக்குச் சிக்கல். நிறுத்தினால் இ-யோடு தெளிவாக வரும், கூட்டமும் நிமிர்ந்து பார்க்கும்.

மைதானத்தில் மைக் வைத்துப் பேசும்போது ஒரு சாண் தள்ளிப் பிடிக்கட்டும். மிக அருகில் பிடித்தால் 'ஃப'வும் 'ப'வும் ஊதும். தூரப் பிடித்தால் ஐனும் அழுத்தமான ஹாவும் முதலில் காணாமல் போகும். காற்றடிக்கும் காலையென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பலருக்கு அரபு விளங்காது. ஒவ்வொரு வரிக்கும் பின் தமிழ் சொன்னால் இரண்டும் கெடும். பேச்சுக்கு முன் இன்னொரு பிள்ளை தமிழில் இரண்டு வசனம் சொன்னால் போதும்: 'அடுத்து வருவது அரபில் ஒரு சிறு பேச்சு. எங்கள் நூலகத்தைப் பற்றியும், ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் வாசிப்பதைப் பற்றியும் பேசுகிறார்.'

நடுவில் மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த வரிகள் பெரும்பாலும் தனித்தனியே நிற்பவை, ஒன்று விடுபட்டாலும் மற்றது கெடாது. 'அக்ரஉ மின்ஹு' மட்டும் புத்தக வரி இல்லாமல் நிற்காது. அதில் வரும் 'இதில்' என்பதற்குப் பொருள் இருக்காது. எனவே புத்தக வரி மறந்தால் அதையும் சேர்த்தே தாண்டட்டும். எதுவுமே வரவில்லையென்றால் புத்தகத்தை மெல்ல இறக்கி, நேரே 'யா இக்வதீ வயா அகவாதீ'க்குப் போகட்டும். அதற்குப் பிறகு நாலு வரிதான் இருக்கிறது. முதல் நாளிலிருந்து பழகியதும் அந்த நாலு வரிதான்.